பத்துக் கிலோ ஓம் கூடினபோது: 4046இன் வளைய வடிகட்டிகள் ஒப்பீடு

விசுவமடுப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்றடியும் பம்ப் சுவிச்சும் எட்டத்தில் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு சோடி வயர். தொட்டி நிரம்பாதபோது அதில் 10 கிலோஹேட்ஸ் தொனி வரும், நிரம்பினால் 10.2. சுவிச்சுப் பக்கத்தில் 4046 ஐசியில் ஒரு பிஎல்எல் அந்த மாற்றத்தை வோல்ற்றளவாக்கி ரிலேக்குக் கொடுக்கும். பிஎல்எல் என்பது அவத்தைப் பூட்டு வளையம்: வரும் தொனியின் அவத்தையைத் தன் அலையாக்கியின் அவத்தையோடு ஒரு ஒப்பீட்டியால் ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தால் அலையாக்கியைத் தொனிக்குப் பின்னால் ஓடவைக்கும். அதைச் செய்து கொடுத்தது நான்தான். மூன்றாம் நாள் தோட்டக்காரர் கோல் எடுத்தார்: "தம்பி, ரிலே குளிருக்குப் பல்லுக் கிட்டின மாதிரி அடிக்குது."

ஐசியில் பிழையில்லை. ஒப்பீட்டிக்கும் அலையாக்கிக்கும் நடுவே நான் போட்ட வளைய வடிகட்டிதான் பிழை. ஒற்றைத் தடையியும் ஒற்றைக் கொள்ளளவியும் கொண்ட வடிகட்டி ஒன்று, இன்னொரு தடையி கூடிய வடிகட்டி மற்றது. இரண்டையும் அதே பலகையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் இதைப் பின்னூட்டல் அமைப்பாகப் பார்த்துவிடுவோம். ஒரு பக்கத்தால் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் சீமெந்துத் தொட்டியை நினையுங்கள். மட்டம் குறைந்தால் வரத்துக் குழாயைத் திறக்கிறீர்கள், கூடினால் பூட்டுகிறீர்கள். தொட்டி மட்டம்தான் இங்கே அவத்தை, வரத்து மீடிறன். மீடிறன் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் அவத்தைப் பிழை ஆகிறது. அதாவது அலையாக்கி தன்பாட்டிலேயே ஒரு தொகையீட்டி. 90 பாகை பின்னடைவை அது எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. இனி குழாயைத் திருகுகிறவரும் மந்தமானவர் என்றால்? மட்டம் சரியாக வரும் நேரத்தில் குழாய் இன்னும் அகலத் திறந்தே கிடக்கும். மட்டம் மேலே போகும், பிறகு கீழே வரும், திரும்ப மேலே போகும்.

என் ஒற்றை ஆர்சி வடிகட்டி அந்த மந்தமானவர்தான். வழங்கல் 5 வோல்ற். எக்ஸ்ஓர் ஒப்பீட்டி, அதாவது 4046இன் முதலாம் ஒப்பீட்டி. அலையாக்கி ஒரு வோல்ற்றுக்கு 2 கிலோஹேட்ஸ் நகரும். தரவுத்தாளில் உள்ள பெயர்களின்படி R3 100 கிலோ ஓம், C2 0.1 மைக்ரோபரட். கீழே K வளையப் பெருக்கம், τ நேரமாறிலி, ωn இயற்கை மீடிறன், ζ தணிப்பு விகிதம்.

```
K  = (5/π) × (2π × 2000) = 20000 /s
τ  = R3·C2 = 10 ms
ωn = √(K/τ) = 1414 rad/s   (225 Hz)
ζ  = 1/(2√(K·τ)) = 0.035
```

தணிப்பு விகிதம் 0.035 என்றால் கிட்டத்தட்டத் தணிப்பே இல்லை. 200 ஹேட்ஸ் மாற்றம் இந்த அலையாக்கிக்கு 0.1 வோல்ற். ஆனால் அது 0.19 வரை பாய்ந்து, 0.02க்கு விழுந்து, 225 ஹேட்ஸில் ஆடிக்கொண்டே அடங்க 80 மில்லிசெக்கன் அளவில் எடுக்கும். ரிலேயின் எல்லை நடுவில், 0.05இல் இருந்தது. ஆட்டத்தின் முதல் சுற்றுகள் அந்த எல்லையை மூன்று நாலு தடவை கடந்தன. பல்லுக் கிட்டின கதை அதுதான்.

சரி, நேரமாறிலியைக் குறைத்தால் தணிப்பு வராதா? வரும். ζ 0.7 ஆக வேண்டுமென்றால் τ 25 மைக்ரோசெக்கன் ஆக வேண்டும். இங்கேதான் ஒற்றை ஆர்சியின் உண்மையான குறை தெரிகிறது. எக்ஸ்ஓர் பூட்டியிருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. உள்ளீட்டின் இரு மடங்கில், 20 கிலோஹேட்ஸில், சதுர அலையாக அடித்துக்கொண்டே இருக்கும். அதன் அடிப்படைக் கூறு மட்டும் உச்சத்தில் 3.2 வோல்ற் வரும். 25 மைக்ரோசெக்கன் வடிகட்டி அதில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. எனக்கு வேண்டிய சைகை 0.1 வோல்ற், அதன்மேல் ஏறி நிற்கும் குற்றலை ஒரு வோல்ற். குற்றலையை அடக்கினால் ஆட்டம், ஆட்டத்தை அடக்கினால் குற்றலை. திருப்புவதற்கு ஒரே ஒரு குமிழ்தான் இருக்கிறது.

இரண்டாவது வடிகட்டியில் C2இன் காலுக்கும் தரைக்கும் நடுவே R4 என்று 10 கிலோ ஓம் ஒன்று நுழைகிறது. வேறெதையும் தொடவில்லை. அவத்தைப் பிழை வந்த உடனேயே, கொள்ளளவி நிரம்பும்வரை காத்திராமல், பதினொன்றில் ஒரு பங்கு நேரே அலையாக்கிக்குப் போய்விடுகிறது. குழாய்க்காரர் இப்போது முதலில் சட்டென்று கொஞ்சம் திருகுகிறார், மிச்சத்தை ஆறுதலாகப் பார்த்துக்கொள்கிறார்.

```
τ1 = R3·C2 = 10 ms,  τ2 = R4·C2 = 1 ms
ωn = √(K/(τ1+τ2)) = 1348 rad/s   (215 Hz)
ζ  = (ωn/2)(τ2 + 1/K) = 0.71
```

இயற்கை மீடிறன் 225இலிருந்து 215க்குத்தான் நகர்ந்தது. தணிப்பு மட்டும் இருபது மடங்கு கூடிவிட்டது. 80 மில்லிசெக்கன் எடுத்தது இப்போது ஐந்துக்குள் அடங்கிவிடுகிறது.

இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பதினொன்றில் ஒரு பங்கு வழியாகக் குற்றலையும் வருகிறது: 0.29 வோல்ற், சைகையின் மூன்று மடங்கு. பெரிய ஒற்றை ஆர்சியில் அது வெறும் 2.5 மில்லிவோல்ற்றாக இருந்தது. இதற்கு மருந்து, வடிகட்டியின் வெளியீட்டிலிருந்து தரைக்கு C2இன் பத்திலொரு பங்கில், 10 நனோபரட்டில், ஒரு சின்னக் கொள்ளளவி. குற்றலை 25 மில்லிவோல்ற்றுக்கு இறங்கும். தணிப்பில் கொஞ்சம் தேயும், ஆனால் ரிலே அடிப்பது நின்றுவிடும். ஆசைப்பட்டு அதையே 0.1 மைக்ரோபரட் ஆக்கினால் R4 போட்ட பயன் போய்விடும்.

அடுத்தது பூட்டும் விதம். ஆட்டத்தைவிட இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பெட்டி தகரக் கூரைக்குக் கீழே. காலையில் 10 கிலோஹேட்ஸுக்குச் சரிபார்த்த அலையாக்கியின் தனியோட்ட மீடிறன் மத்தியான வெக்கையில் 350 ஹேட்ஸ் விலகியிருந்தது. ஆனாலும் பிஎல்எல் பூட்டிலேயே நின்றது, ஏனென்றால் பிடித்து வைத்திருக்கும் வீச்சு ±5 கிலோஹேட்ஸ். அது நேரோட்டப் பெருக்கத்தால் வருவது. இரண்டு வடிகட்டிக்கும் ஒன்றே. பிறகு கரண்ட் ஒரு நிமிசம் போய் வந்தது. பூட்டு வரவில்லை. பொழுதுபட்டு வெக்கை இறங்கின பிறகு தானாக வந்தது. தொலைந்த பூட்டைத் திரும்பக் கைப்பற்றும் வீச்சு வேறு; அதை வடிகட்டிதான் தீர்மானிக்கிறது. ஒற்றை ஆர்சிக்குத் தரவுத்தாள் சூத்திரப்படி ±280 ஹேட்ஸ். R4 வந்தபின் ஏறக்குறைய ±450. 350 இப்போது உள்ளே விழுகிறது, ஆனால் தாராளமாக அல்ல. அதனால் தனியோட்ட மீடிறனைக் காலையில் அல்ல, பெட்டி சூடேறின பிறகு சரிபார்க்க வேண்டியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க 10ஆம் காலில் ஸ்கோப்பை வையுங்கள், அந்தக் காலிலிருந்து தரைக்கு ஒரு தடையி போட்டுவிட்டு. அலையாக்கியின் உள்ளீடான 9ஆம் காலை நேரே தொட்டால் ஒரு மெகா ஓம் புரோப் 100 கிலோ ஓமோடு சேர்ந்து வோல்ற்றளவைக் கீழே இழுத்துவிடும். பூட்டியிருந்தால் நேர்கோடு. பூட்டாவிட்டால் இரு மீடிறன்களின் வித்தியாசத்தில் ஒரு பக்கம் சரிந்த அலை. ஆடுவதென்றால் தொனி மாறும் கணத்தில் மட்டும் ஆடி அடங்கும்.

இரண்டாம் ஒப்பீட்டியை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அதில் கைப்பற்றும் வீச்சும் பிடிக்கும் வீச்சும் ஒன்றே, பூட்டின நிலையில் குற்றலையும் அனேகமாக இல்லை. ஆனால் அது விளிம்புகளை எண்ணும். நீண்ட வயரில் மோட்டர் ஸ்ராட் ஆகும் இரைச்சலில் ஒரு விளிம்பு கூடினாலும் தடம் புரளும். R4 இல்லாமல் அதை ஓட்டுவது இன்னும் மோசம்: வெளியீடு அனேக நேரம் மிதந்து கிடப்பதால் வடிகட்டியே இரண்டாவது தொகையீட்டி ஆகிவிடும். ஒரே பலகைக்குள் கிட்டவுள்ள சுத்தமான கடிகாரத்தைப் பெருக்குவதென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். தோட்டத்து வயருக்கு எக்ஸ்ஓரும் R4உம் சின்னக் கொள்ளளவியும்.

தோட்டக்காரரிடம் நான் போன பயணத்தின் பெற்றோல் காசு, அந்தப் பத்துக் கிலோ ஓம் தடையியின் விலையைவிட நூறு மடங்காவது இருக்கும். அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.