தலைக்கு எண்ணெய்: குளிக்கும் முன்பா, குளித்த பின்பா?

களியக்காவிளையில் எங்கள் வீட்டிலும் பக்கத்து மலையாளக் குடும்பத்திலும் ஒரே செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்தான். ஆனால் பதினாறு வயதான அக்கா மகளுக்கு மட்டும் நெற்றியோரமும் நெற்றிப்பொட்டும் பொரிப்பொரியாக இருந்தது. அந்த வீட்டுப் பெண் எண்ணெய் தேய்த்து ஊறவைத்துக் குளிப்பாள். இவளோ குளித்த ஈரத்தலையில் எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போவாள். அந்த எண்ணெய் மறுநாள் வரை தலையிலேயே இருக்கும். இருவர் தோலும் ஒன்றல்ல என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது; எண்ணெய் வைக்கும் முறையை நாங்களே மாற்றிப் பார்த்தோம்.

வெயிலிலும் வியர்வையிலும் எண்ணெய் இளகி நெற்றிக்கு இறங்குகிறது. மயிர்க்கால் வாயில் இறந்த செல்கள் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. 1970-இல் பிளெவிக், புல்ட்டன், கிளிக்மன் என்ற தோல் மருத்துவர்கள் மூவரும் தலைப்பூச்சால் வரும் இந்தப் பருவைத் தனியாக விவரித்தார்கள். அடையாளம் எளிது: தோல் நிறத்துச் சிறு பொரிகள் கூந்தல் கரையில் நெருக்கமாக இருக்கும், கன்னத்தில் குறைவு.

முதல் வழி, எண்ணெயை அடியோடு நிறுத்துவது. பருவுக்கு இதுதான் நேர்வழி. ஆனால் இவளுக்குச் சுருட்டை முடி. இரண்டே வாரத்தில் சிக்கு விழுந்தது. அக்காவும், "எண்ணெ தேக்காம போனா தல காஞ்சு கெடக்கும் மக்களே" என்று மறுபடி வைத்துவிட்டாள். இரண்டாவது, 'ஒட்டாத' எண்ணெய்க்கோ ஜெல்லுக்கோ மாறுவது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பிசுக்கு கைக்குத் தெரியாவிட்டாலும் பூச்சு நாளெல்லாம் தோலில்தானே கிடக்கிறது?

மூன்றாவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது: குளிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒரு தேக்கரண்டி எண்ணெய், நெற்றியோரம் இரண்டு விரல் அகலம் விட்டு, முடியின் நீளத்துக்கு மட்டும். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைப்பதால் முடிக்கும் நஷ்டமில்லை. முதலில் செம்பருத்தி இலையை அரைத்த தாளியால் மட்டும் அலசினாள். குளித்த பின் நெற்றியோரத்தில் டிஷ்யூ தாளை ஒற்றினால் கண்ணாடி போல எண்ணெய்க்கறை படிந்தது. ஷாம்பு போட்ட பிறகே தாள் சுத்தமாக வந்தது. தலையை அலசி முடித்துக் கடைசியில் முகம் கழுவ வேண்டும். முதலிலேயே கழுவினால் வழிந்த பிசுக்கு நெற்றியில் நின்றுவிடும். தலையணை உறையையும் வாரம் இருமுறை மாற்றினோம்.

மூன்றாம் வாரம் புதுப்பொரி நின்றது. பழையவை போகப் பத்து வாரம் ஆனது. பாதியில் சலித்து விடுகிறவர்களே அதிகம். இவ்வளவு நாள் பொறுத்தும் அடைப்பு போகாவிட்டால் தோல் மருத்துவர் இரவில் பூச அடாபலீன் 0.1% தரக்கூடும், கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

பொரிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்து, கடுமையாக அரித்து, மார்பிலும் முதுகிலும் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். எண்ணெய் நேரத்தை மாற்றினால் மட்டும் அது போகாது.