அழுத்தினால் மூட வேண்டும்: கோத்தகிரியில் கால் சிரை ஸ்கேன், நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். முழுநேர ரேடியாலஜிஸ்ட் எங்களிடம் இல்லை. கையில் தூக்கி வைக்கும் அளவுள்ள ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷினும், அதற்கு ஒரு நீள்முக ப்ரோபும் (லீனியர் ப்ரோப் என்போமே, அதுதான்) பல வருடங்களாக இருக்கின்றன. அதில் நான் அதிகம் செய்யும் பரிசோதனைகளில் ஒன்று கால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. டி.வி.டி. என்று சீட்டில் எழுதுவோமே, அதற்கானது.

ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். முடியும். சிரையின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. மேலிருந்து ப்ரோபால் அழுத்தினால் அது முழுவதுமாக மூடி, இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ரத்தம் உறைந்த கட்டு இருந்தால் மூடாது. 1980-களின் இறுதியிலேயே இந்த ஒரு அடையாளத்தை வைத்து தொடையிலும் முழங்காலின் பின்னாலும் உள்ள கட்டுகளை நன்றாகக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். சாதாரண கறுப்பு வெள்ளைப் படமே போதும்.

கட்டைக் கண்ணால் தேடுவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. புதிதாக உறைந்த ரத்தம் திரையில் பெரும்பாலும் கறுப்பாகவே தெரியும், ஓடும் ரத்தத்தைப் போலவே. அதே சமயம் படத்தின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினைக் கூட்டி வைத்தால், மெதுவாக ஓடும் நல்ல ரத்தமும் சாம்பல் நிறமாகிக் கட்டு போலத் தோன்றும். அதனால் படத்தின் நிறத்தை நம்பி நான் எதுவும் முடிவு செய்வதில்லை. அழுத்தும்போது மூடியதா என்பதுதான் பதில்.

எவ்வளவு அழுத்துவது? இதற்கு அளவுகோல் திரையிலேயே இருக்கிறது. பக்கத்தில் துடிக்கும் தமனியைப் பார்த்துக்கொண்டே அழுத்த வேண்டும். தமனியின் வட்டம் லேசாக நசுங்க ஆரம்பித்தும் சிரை திறந்தே இருந்தால், நாம் போதுமான அளவு அழுத்திவிட்டோம், சிரைக்குள் ஏதோ இருக்கிறது என்று பொருள். தமனி அசையவே இல்லை, சிரையும் மூடவில்லை என்றால் கையில் வலு போதவில்லை. அப்போது 'கட்டு' என்று எழுதக் கூடாது.

இன்னொரு விஷயம். ப்ரோபை எப்போதும் குறுக்காகப் பிடித்துத்தான் அழுத்த வேண்டும். நீளவாக்கில் வைத்து அழுத்தினால் ப்ரோப் சிரையை விட்டு வழுகிப் பக்கத்துச் சதைக்குப் போய்விடும். திரையில் சிரை மறைவதைப் பார்த்து 'மூடிவிட்டது' என்று நினைத்துக்கொள்வோம். கட்டு உள்ள காலையே நல்ல கால் என்று அனுப்பிவிட இது போதும்.

நான் பார்க்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று தொடை இடுக்கு. ஆள் மல்லாந்து படுத்து, தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, முழங்காலை லேசாக மடக்கி வெளிப்பக்கம் சாய்த்தால் வசதி. தமனி வெளிப்பக்கமும் சிரை உட்பக்கமும் தெரியும். அங்கிருந்து, மேலோட்டமான பெரிய சிரை வந்து சேரும் இடத்தைத் தாண்டி, தொடைச் சிரை இரண்டாகப் பிரிந்த பிறகும் கொஞ்சம் கீழே வரை, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அழுத்திக்கொண்டே வருவேன். இங்கே ஏமாற்றுவது நெறிக்கட்டி. அழுத்தினால் மூடாது, வட்டமாக இருக்கும், பார்த்தால் அடைத்த சிரை போலவே இருக்கும். ப்ரோபை மேலும் கீழும் நகர்த்தினால் தெரிந்துவிடும். நெறிக்கட்டி முடிந்துபோகும், சிரை தொடர்ந்து போகும்.

இரண்டாவது இடம் முழங்காலின் பின்குழி. எனக்கு அதிக நேரம் எடுப்பது இதுதான். பின்னாலிருந்து பார்ப்பதால் திரையில் சிரை மேலேயும் தமனி கீழேயும் இருக்கும். இங்கே சிரை அவ்வளவு எளிதில் மூடும் என்பதால், ப்ரோபின் எடையே அதை மூடிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சிரையே இல்லையே என்று தேடுவார்கள். கையை இலேசாக்கினால் திறந்துகொண்டு தெரியும்.

மலையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மார்கழி, தை மாதங்களில் காலையில் வருகிறவர்களுக்குக் கால் ஐஸ் மாதிரி இருக்கும். குளிரில் சிரைகள் சுருங்கிப் போய்ச் சரியாகத் தெரியாது. ஹீட்டர் போட்ட அறையில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, ஜெல் பாட்டிலை வெந்நீர்க் குவளையில் வைத்துச் சூடாக்கி, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்வேன். கால் தொங்கினால் ரத்தம் இறங்கிச் சிரை நிறைந்துவிடும். சில்லென்ற ஜெல்லைத் தடவினால் ஆள் காலை இறுக்கிக்கொள்வார், இறுகிய சதைக்கு நடுவில் அழுத்திப் பார்த்துப் பயனில்லை.

ஒரு கேஸைச் சொல்கிறேன், யாரென்று தெரியாதபடி. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட அக்கா ஒருவர். தேயிலைச் செடிகளுக்கு நடுவே உள்ள வடிகாலில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் எலும்பு முறிந்து, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. மாவுக்கட்டைப் பிரித்த சில நாளில் கெண்டைச் சதை வீங்கி வலிக்கிறது என்று வந்தார். "கட்டு போட்ட கால் வீங்கத்தானே செய்யும் டாக்டரம்மா, வேலைக்குப் போகலாமா?" என்றுதான் கேட்டார்.

முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் டேப்பால் அளந்தேன். வலது கால் 3.5 செ.மீ. அதிகம். சிரையில் கட்டு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் வெல்ஸ் மதிப்பெண்ணில் 3 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் என்றால் 1, சமீபத்தில் மாவுக்கட்டு என்பதால் 1, ஆழ்சிரை போகும் வழியில் அழுத்தினால் வலி என்பதால் 1. மொத்தம் 3. முறிவினால் வந்த வீக்கமாக இருக்கலாம் என்று 2 கழிக்கவும் இடமுண்டு. ஆனால் முறிவு கணுக்காலில், வீக்கமும் வலியும் கெண்டையில். அதனால் நான் கழிக்கவில்லை. சந்தேகம் வலுவானதுதான்.

ஸ்கேனில் தொடை இடுக்கு முழுவதும் நன்றாக மூடியது. பின்குழியிலும் மூடியது. இந்த இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிடத் தோன்றும். ஆனால் இரண்டு இடங்களிலும் மூடியது என்றால் அந்த இரண்டு இடங்களில் இன்று கட்டு இல்லை என்பது மட்டும்தான் உறுதி. கெண்டைச் சதைக்குள் இருக்கும் சிறிய சிரைகளை நான் முழுதாகப் பார்க்கவில்லை. வீங்கிய காலில் அவற்றைப் பார்ப்பது கஷ்டமும்கூட. அங்கே தொடங்கும் கட்டுகளில் பல அங்கேயே கரைந்துவிடும். சில மட்டும் மேலே ஏறும், ஏறினால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில். உடலில் எங்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா என்று கோடிகாட்டும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவாக வந்தால் உதவும், ஆனால் எலும்பு முறிந்த சில வாரங்களுக்கு அது எப்படியும் கூடுதலாகவே இருக்கும். இவருக்கும் அப்படியே வந்தது, அதிலிருந்து எதுவும் சொல்ல முடியவில்லை.

உடனே கோயம்புத்தூருக்கு அனுப்பி முழுக்கால் டாப்ளர் பார்ப்பது ஒரு வழி. அது ஐப்பசி மழைக்காலம், மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் மண் சரியும் பயம், அவர்கள் வீட்டில் கூடப் போக ஆளும் இல்லை. அதனால் ஏற்கப்பட்ட இன்னொரு வழியை எடுத்தேன். ஒரு வாரத்தில் மறுபடி அழுத்திப் பார்ப்பது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ கட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்பதால் அந்த நிமிஷமே வரச் சொல்லி, எங்கள் நர்ஸின் போன் நம்பரையும் கொடுத்தனுப்பினோம்.

ஒரு வாரம் கழித்து வந்தார். வீக்கம் கூடியிருந்தது என்று சொல்ல முடியாது. தொடை இடுக்கு பழையபடி மூடியது. பின்குழியில் ப்ரோபை வைத்ததுமே சிரை தமனியைவிடப் பெரிதாக, உருண்டையாகத் தெரிந்தது. உள்ளே கறுப்புதான், கட்டு என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. அழுத்தினேன். கீழே தமனியின் வட்டம் முட்டை வடிவமானது, மேலே சிரை அப்படியே நின்றது. அரை சென்டிமீட்டர் மேலே, கீழே, அதே கதை. முழங்காலின் பின்னால் வரும் பேக்கர் நீர்க்கட்டியாக இருக்குமோ என்று உட்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். இது தமனியோடு கூடவே நீளமாகப் போனது, சிரைதான். உறுதியான பிறகு திரும்பத் திரும்ப அழுத்தவில்லை, படத்தைச் சேமித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பார்த்துவிட்டு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை அன்றே ஆரம்பித்தோம். முதல் டோஸ் எடுத்த பிறகுதான் கீழே அனுப்பினோம். கோயம்புத்தூர் டாப்ளரிலும் பின்குழியிலிருந்து கெண்டை வரை கட்டு என்று வந்தது. மூன்று மாதம் மாத்திரை.

மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆழம் 4 செ.மீ., ஃபோகஸ் சிரையின் மட்டத்தில், இந்த இரண்டையும் சரி செய்தால் சாதாரண மெஷினே நன்றாகக் காட்டும். கரண்ட் போகும் நாட்களில் பேட்டரி கைகொடுத்திருக்கிறது, ஆனால் வருடம் போகப் போகப் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. ப்ரோபின் முகத்தில் உள்ள ரப்பரில் ஜெல் காய விடக் கூடாது, வெடிப்பு விழுந்தால் படத்தில் கறுப்புக் கோடு வரும். சிறியதுதானே, எஸ்டேட் லயத்துக்கே எடுத்துப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டத்தின் கீழ் மெஷின் பதிவான இடத்தைவிட்டு நினைத்தபடி வெளியே எடுத்துப்போக முடியாது. நோயாளிதான் வர வேண்டும்.

இந்த முறை எட்டாத இடம் இடுப்புக்குள் இருக்கும் சிரை. அங்கே எலும்பும் குடலும் இருப்பதால் அழுத்தவே முடியாது. பிரசவமான பெண்ணுக்கு இடது கால் முழுவதும் தொடையிலிருந்தே வீங்கியிருந்தால், இடுக்கில் நன்றாக மூடினாலும் நான் நம்புவதில்லை. வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றும் சொல்வதில்லை, அன்றே கீழே அனுப்பிவிடுவேன்.

அந்த அக்காவுக்கு மாத்திரை முடிந்ததும் இன்னொரு தடவை ஸ்கேன் செய்தேன். வலி இல்லை, வேலைக்கும் போகிறார். ஆனால் பின்குழிச் சிரை முழுதாக மூடவில்லை, அழுத்தியபோது 3 மி.மீ. மிச்சம் நின்றது. பழைய கட்டு தழும்பாகிச் சுவரோடு ஒட்டியிருப்பது பலருக்கும் நடப்பதுதான். நாளைக்கு மறுபடி கால் வீங்கி அவர் வேறு எங்காவது போனால், 'மூடவில்லை, புதுக் கட்டு' என்று மறுபடி மாத்திரை ஆரம்பித்துவிடுவார்கள். அழுத்திய நிலையில் பழைய அளவைவிட 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் புதுக் கட்டு என்று எடுத்துக்கொள்ளலாம், 2 மி.மீ.-க்குள் என்றால் இல்லை, நடுவில் என்றால் சில நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பழைய அளவு கையில் இருக்க வேண்டுமே. அந்த 3 மி.மீ. படத்தை அச்சிட்டு, தேதியும் எந்தக் கால் என்பதும் எழுதி, அவருடைய நோட்டிலேயே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.