அரை இன்ச் ஜிஐக்குப் பதில் அரை இன்ச் சிபிவிசி போதுமா?

முப்பது வருடம் ஓடிய அரை இன்ச் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு லைனில் ஒரு எல்போவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதுப் பைப்பாக இருந்தபோது சுண்டுவிரல் நுழைந்த துவாரம் அது. இப்போது பென்சில் நுழையவே தடுமாறும். உள்ளே கருஞ்சிவப்பாக, புற்று மண் போலக் கட்டி கட்டியாகத் துரு. விரலால் அழுத்தினால் மேல்தோல் உதிரும். அடியில் இருப்பது கல் மாதிரி நிற்கும்.

துத்தநாகப் பூச்சு இருந்தும் ஏன் இப்படி? பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். மரை வெட்டும் இடத்தில் அதுவும் சீவப்பட்டுவிடும். அதனால் துரு முதலில் பிடிப்பது எல்போ, டீ, சாக்கெட் மூட்டுகளில். உப்பு கூடிய போர் தண்ணீரில் பூச்சு சீக்கிரம் கரைகிறது. கீசரிலிருந்து வரும் சுடுநீர் லைன் இன்னும் மோசம்: சூடு 60 டிகிரியைத் தொட்டால், சில வகைத் தண்ணீரில் துத்தநாகம் இரும்பைக் காக்கும் வேலையையே விட்டுவிடும். கரைந்த இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடத்தை அடைக்கிறது. பைப் வெளியே மெலிவது தெரியாது. உள்ளே அடைவதுதான் முதலில் தெரியும்.

துவாரம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படி வராது. மொட்டை மாடியில் தொட்டி வைத்த ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குளியலறைக் குழாய்க்கும் 10 அடி, அதாவது 3 மீட்டர் உயர வித்தியாசம். பைப்பின் மொத்த நீளம் 40 அடி. பம்ப் அழுத்தம் எதுவும் இல்லை. வெறும் இறக்கத்தில் வரும் தண்ணீர். இந்த ஒரே லைனில் பைப்பை மட்டும் மாற்றிப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு இது. சிபிவிசி, யுபிவிசி, பிபிஆர் மூன்றும் பிளாஸ்டிக் பைப்கள்; எஸ்டிஆர், ஷெட்யூல், பிஎன் என்பவை சுவர்க் கனத்தையோ தாங்கும் அழுத்தத்தையோ சொல்லும் ரகப் பெயர்கள். குழாயின் தடையையும் எல்போக்களின் தடையையும் சேர்க்கவில்லை என்பதால் நிஜத்தில் எல்லாமே கொஞ்சம் குறையும். ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

| பைப் | உள் விட்டம் | நிமிடத்துக்கு | 15 லிட்டர் வாளி நிறைய |
|---|---|---|---|
| அரை இன்ச் ஜிஐ, புதிது | 16 மி.மீ. | 18 லிட்டர் | 50 வினாடி |
| அதே ஜிஐ, துரு பிடித்தது | 8 மி.மீ. | 1.7 லிட்டர் | சுமார் 9 நிமிடம் |
| அரை இன்ச் சிபிவிசி (எஸ்டிஆர் 11) | 12.4 மி.மீ. | 11.5 லிட்டர் | 78 வினாடி |
| முக்கால் இன்ச் சிபிவிசி (எஸ்டிஆர் 11) | 18 மி.மீ. | 31 லிட்டர் | 29 வினாடி |
| முக்கால் இன்ச் யுபிவிசி (ஷெட்யூல் 80) | 19 மி.மீ. | 35 லிட்டர் | 26 வினாடி |
| 25 மி.மீ. பிபிஆர் (பிஎன் 20) | 16.6 மி.மீ. | 25 லிட்டர் | 36 வினாடி |

துவாரம் பாதியானதும் தண்ணீர் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. விட்டம் குறைவதுதான் பெரும்பங்கு காரணம். உள்சுவரின் சொரசொரப்பு மீதி.

பலரும் கவனிக்காமல் விடுவது மூன்றாவது வரியை. "அரை இன்ச்" என்று கடையில் சொல்லும் பெயர் எல்லாப் பைப்புக்கும் ஒன்றுதான், துவாரம் ஒன்றல்ல. அரை இன்ச் ஜிஐயின் வெளி விட்டம் 21.3 மி.மீ., உள்ளே 16. அரை இன்ச் சிபிவிசிக்கு வெளி விட்டமே 15.9 மி.மீ. தான், முழுப் பைப்பையும் அந்த ஜிஐக்குள் செருகிவிடலாம் போலிருக்கும். ஆகவே பழைய லைனை அளவுக்கு அளவு மாற்றினால், துருப் பைப்பைவிடப் பிரமாதமாக வரும். ஆனால் வீடு கட்டிய புதிதில் வந்த தண்ணீர் வராது. ஒரு அளவு ஏற்றிப் போட வேண்டும்: அரைக்கு முக்கால், முக்காலுக்கு ஒன்று. தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் லைன் ஒன்று அல்லது ஒன்றேகால் இன்ச், குளியலறைக்குள் முக்கால், ஒவ்வொரு குழாய்க்கும் போகும் கடைசி இரண்டு மூன்று அடி மட்டும் அரை என்று பிரித்தால் கைச்செலவு பெரிதாக ஏறாது.

மாற்றுவதற்கு முன் குற்றவாளி துருதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைந்தால், வாயில் இருக்கும் சல்லடையையும் ஆங்கிள் வால்வையும் பாருங்கள். பைப் அப்பாவியாக இருக்கலாம். எல்லாக் குழாயிலும் குறைந்தால் மாடிக்குப் போய், தொட்டிக்கு அருகில் இருக்கும் யூனியனைக் கழற்றி வாளி பிடியுங்கள். அங்கேயே மெலிதாக வந்தால் தொட்டியின் அடிச்சேறோ கேட் வால்வோ காரணம். கேட் வால்வின் கைப்பிடி எத்தனை சுற்று சுற்றினாலும் தண்ணீர் மாறவில்லை என்றால், உள்ளே கதவு தண்டிலிருந்து கழன்று பாதி வழியை மூடிக் கிடக்கிறது. மாடியில் சீறிக்கொண்டு வந்து கீழே மட்டும் சொட்டினால் நடுவில் அடைப்பு. கைப்பிடிச் சுவர் மேல் ஏறி இறங்கும் லைனாக இருந்து, தண்ணீர் விட்டு விட்டுத் துப்பினால் காற்றடைப்பு; அதற்கு மேலே ஒரு காற்றுப் பைப் வைத்தால் தீரும். துருவின் அடையாளம் வேறு. காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வரும். ஒரு குழாய் சுமாராக ஓடும்போது பக்கத்துக் குழாயைத் திறந்தால் முதலாவது அப்படியே படுத்துவிடும்.

ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்வதை யாராவது சொல்வார்கள். துரு கரையும், உண்மைதான். மிஞ்சியிருக்கும் துத்தநாகமும் சேர்ந்து கரையும். பல மூட்டுகளில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தத் துருதான். அது போனதும் சுவருக்குள் கசிவு ஆரம்பிக்கும். அழுத்தம் கூட்ட பூஸ்டர் பம்ப் போடுவதும் இதே ரகம்: மெலிந்த பைப்பில் அழுத்தம் ஏற, உதிரும் துரு வந்து கீசரையும் வாஷிங் மெஷினையும் அடைக்கும்.

இனி எதைப் போடுவது? புது ஜிஐயை முற்றிலும் ஒதுக்க முடியாது. போர் மோட்டாரின் வெளியேற்று லைன், வண்டி இடிக்கிற, ஆள் மிதிக்கிற வெளியிடம், சோலார் ஹீட்டரின் சுடுநீர் வாய் ஆகியவற்றில் அது இன்னும் நல்லது. வெயில் காலத்தில் யாரும் தண்ணீர் திறக்காத சோலார் ஹீட்டர் கொதிநிலையை நெருங்கும்; சிபிவிசி தாங்குவது 93 டிகிரி வரைதான். அங்கே போடுவதானால் நீலக் கோடு போட்ட பி கிளாஸ் அல்லது சிவப்புக் கோட்டு சி கிளாஸ் வாங்க வேண்டும். மஞ்சள் கோட்டு ஏ கிளாஸ் மெலிசு. மரை வெட்டினால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

குளிர்நீருக்கு மட்டும் யுபிவிசி போதும். மாடியிலிருந்து இறங்கும் மெயின் லைனுக்கு அதில் ஷெட்யூல் 80 எடுங்கள். மரை வெட்ட ஷெட்யூல் 40-இன் சுவர் கனம் போதாது. சுடுநீரில் யுபிவிசி தளர்ந்துவிடும். கீசர் உள்ள குளியலறைக்கு சிபிவிசிதான் என் தேர்வு: சூட்டையும் தாங்கும், எந்த ஊர் பிளம்பருக்கும் கைவந்த வேலை. பிபிஆர் மூட்டு 260 டிகிரியில் உருக்கி ஒட்டுவது என்பதால் மூவரில் மிக நம்பகமானது. ஆனால் உருக்கும் மெஷினை நுழைக்க இடம் வேண்டும், கூடுதல் நேரம் உருக்கினால் உள்ளே வளையம் திரண்டு வழியை அடைக்கும். சுவர் தடிமனாதலால் ஜிஐ அளவுத் துவாரத்துக்கே 25 மி.மீ. பைப் தேவை, அதற்கேற்ற அகலக் காடியும் வேண்டும்.

பிளாஸ்டிக்கில் கெட்டுப்போவது பைப் அல்ல, மூட்டு. சிபிவிசிக்கு சிபிவிசி சொல்யூஷன், யுபிவிசிக்கு அதற்கானது. யுபிவிசி சொல்யூஷனை சிபிவிசிக்குப் பூசினால் முதலில் பிடித்து, பிறகு சுடுநீரில் கழன்றுவிடும். பைப்பை நேராக வெட்டி, விளிம்பின் பிசிறை எடுத்து, இரண்டு பக்கமும் பூசி, கால் சுற்றுத் திருகிச் செருகி, 30 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டதும் பைப் பின்னால் நழுவிவருவதுதான் பிற்காலக் கசிவின் ஆரம்பம்.

இரும்பின் ஆண் மரையைப் பிளாஸ்டிக்கின் பெண் மரையில் நேராக முறுக்கினால் அது ஆப்பு போல வேலை செய்து பிளந்துவிடும். குழாய் வரும் இடத்தில் பித்தளை மரை பதித்த எல்போ வாங்குங்கள். மரையில் டெஃப்லான் டேப் மட்டும்; சணலும் எண்ணெய் பெயின்டும் வேண்டாம். கீசர் வாயில் சிபிவிசியை நேராக மாட்டாமல் ஒரு அடிக்கு உலோக நிப்பிளோ உலோகப் பின்னல் ஹோஸோ வைக்கவும். சிபிவிசி சூட்டில் இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும்: 10 மீட்டர் லைனில் 30 டிகிரி ஏறினால் இரண்டு சென்டிமீட்டர் வரை. கிளாம்ப்பை இறுக்கிப் பூட்டாமல் நழுவ விட வேண்டும், 3 அடிக்கு ஒன்றாக. வெயில் படும் நீளத்துக்குத் தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷன் அடிக்கலாம்.

சுவரைப் பூசும் முன் குழாய் வாய்களை பிளக் அடித்து, மூட்டுகளை ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் கைப்பம்பில் 10 கிலோ அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். முள் இறங்கினால் அன்றே தேடிவிடலாம்.

பாதி மாற்றம் எப்போது சரி? மெயின் லைன் வெளியே ஓடுகிறது, குளியலறை டைல்ஸை உடைக்க மனமில்லை என்றால், மெயினை மட்டும் முதலில் மாற்றலாம். ஆனால் உள்ளே மிஞ்சும் சுடுநீர் ஜிஐதான் அநேகமாக அதிகம் அடைந்திருக்கும், அதனால் ஷவர் சீராகாது. பழைய பைப்பில் ரிஞ்ச் போட்டுத் திருப்பும்போது மரை சுவருக்குள்ளேயே முறிவதும் சகஜம். அதற்குத் தயாராகவே வேலையை ஆரம்பிக்க வேண்டும். குளியலறையையும் சேர்த்து மாற்றுவதானால் பழைய பைப்பைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. இரண்டு முனையையும் மூடிவிட்டு, புது லைனை வேறு வழியில் கொண்டுபோவது சுவருக்கும் பர்ஸுக்கும் நல்லது.

பைப்பை வெட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழைக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் வயரை மண்ணுக்குள் போகும் ஜிஐ பைப்பில் கட்டியிருப்பார்கள். நடுவில் பிளாஸ்டிக் நுழைந்ததும் அந்த எர்த் அறுந்துபோகும். கீசரில் கசிவு மின்சாரம் வந்தால், சுவரில் மிஞ்சிய இரும்புத் துண்டும் அதில் மாட்டிய பித்தளைக் குழாயும் ஷாக் அடிக்கும். தனி எர்த் குழி எடுத்து, மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் இணைப்பு துண்டிக்கப்படுகிறதா என்று பார்த்த பிறகே பிளம்பரின் ஹாக்ஸா பைப்பில் பட வேண்டும்.