“Period is not open”: எஸ்.ஏ.பி.யின் அந்தச் சிவப்பு வரியோடு ஏழு வருடங்கள்

கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஏழு வருடமாக எஸ்.ஏ.பி. மென்பொருளில்தான் வேலை. இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்த பிழைச்செய்தி இதுதான்:

```
Period 012/2024 is not open for account type K and G/L 160000
```

புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி: “சார், பீரியட் ஓப்பன் பண்ணித் தர்றீங்களா?” நானும் முதல் வருடம் அப்படித்தான் கேட்டேன். இப்போது யார் கேட்டாலும் செய்தியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் திறக்க வேண்டியது மாதம் அல்ல, மாற்ற வேண்டியது தேதி என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

முதலில் 012/2024. இதை 2024 டிசம்பர் என்று படித்து, தேதியை மாற்றி மாற்றிப் பார்த்து அரை மணி நேரம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் நிதியாண்டு V3 வகை, ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதில் ஏப்ரல்தான் 1, மார்ச்தான் 12. ஆகவே 012/2024 என்றால் 2025 மார்ச்.

அடுத்தது K. அது விற்பனையாளர் கணக்கு. D என்றால் வாடிக்கையாளர், S என்றால் பொதுப் பேரேடு, A சொத்து, M சரக்கு. கடைசியில் வரும் 160000, எங்களிடம் விற்பனையாளர்களுக்கான ஒட்டுமொத்தக் கட்டுப்பாட்டுக் கணக்கு. நீங்கள் அடித்த செலவுக் கணக்கு எண்ணைச் செய்தியில் தேடினால் கிடைக்காது. இன்னொரு நுணுக்கம்: கணக்கு வகை எதையும் சொல்லாமல் வெறுமனே `Posting period 012 2024 is not open` என்று வந்தால், மாதங்களைத் திறந்து மூடுகிற OB52 திரையில் எல்லா வகைக்கும் பொதுவான `+` வரியே அந்த மாதத்துக்கு மூடியிருக்கிறது, அதாவது எந்தக் கணக்குக்கும் வழியில்லை. K, S என்று வகையோடு வந்தால் பொதுவாசல் திறந்திருக்கிறது, அந்த ஓர் அறைதான் பூட்டு. அப்படியானால் யாரோ யோசித்துத்தான் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2025 ஏப்ரல் 9 அன்று நடந்ததைச் சொல்கிறேன். விற்பனையாளர் கணக்குகளை 5-ஆம் தேதியே மூடிவிட்டோம். ஜூனியர் தம்பி இரண்டு பில்லோடு வந்தார். ஒன்று லாரி வாடகை, மார்ச் 28 தேதியிட்டது, 1,84,000 ரூபாய். இன்னொன்று இயந்திரப் பழுதுபார்ப்பு, மார்ச் 20 தேதியிட்டது, ஜி.எஸ்.டி. நீங்கலாக 3,75,000 ரூபாய். இரண்டுக்கும், விற்பனையாளர் பில் பதிகிற FB60-இல் மேலே சொன்ன அதே செய்தி.

லாரி பில்லுக்கு ஒன்றுமே திறக்க வேண்டியிருக்கவில்லை. பில் வராத செலவுகளுக்காக மார்ச் 31-இல் போட்ட ஒதுக்கீட்டுப் பட்டியலில் அந்த வாடகை ஏற்கெனவே இருந்தது. ஒதுக்கீடு ஏப்ரல் 1 தேதியில் F.81 மூலம் தானாகத் திரும்பியும் விட்டது. பில் தேதியை 28.03 என்றே விட்டு, பதிவுத் தேதியை மட்டும் ஏப்ரலுக்கு மாற்றினோம். திரும்பிய ஒதுக்கீடும் பில்லும் ஏப்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், செலவு மார்ச்சிலேயே நிற்கும். இந்தப் பில்லை அடம்பிடித்து மார்ச்சில் ஏற்றியிருந்தால் மார்ச்சில் இரட்டைச் செலவு, ஏப்ரலில் கழிவு. பில் தேதியும் பதிவுத் தேதியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறதோ!

பழுது பில்தான் சிக்கல். ஒதுக்கீட்டில் விட்டுப்போயிருந்தது, தொகையும் சின்னதில்லை. வேலை மார்ச்சில் முடிந்தது, ஆண்டுக் கணக்கு அப்போது இன்னும் தணிக்கையில் இருந்தது. ஆகவே செலவு மார்ச்சுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதற்காக விற்பனையாளர் கணக்கைத் திறக்க வேண்டியதில்லை. மார்ச் 31 நிலவரப்படி விற்பனையாளர்களுக்கு இருப்பு உறுதிக் கடிதங்கள் போயாகிவிட்டன. K-ஐத் திறந்தால் அந்தக் கடிதங்களில் உள்ள இருப்புத் தொகை குலையும். பில்லை ஏப்ரலில் போட்டுவிட்டு, மார்ச்சுக்கு ஓர் ஒதுக்கீடு மட்டும் போடுவது என்று முடிவு செய்தோம். அதற்கு S போதும்.

காரணம், தொகை, கணக்கு எண், எத்தனை மணி நேரம் தேவை எல்லாவற்றையும் எழுதி நிதித் தலைவரின் ஒப்புதல் வாங்கினேன். திறந்தவர் கணினிப் பிரிவு நண்பர், பதிந்தவன் நான். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது என்பது எங்கள் வழக்கம். OB52-இல் `+` வரிக்கும் S வரிக்கும் முதல் மாத இடைவெளியில் 13/2024 மட்டும் போட்டார். ஆண்டிறுதிச் சரிக்கட்டலுக்கென்றே இருக்கிற சிறப்பு மாதம் அது. `+` வரியில் அனுமதிக் குழுவும் போட்டிருப்பதால், குழுவில் இருக்கிற மூன்று பேரைத் தவிர வேறு யாராலும் அதில் பதிய முடியாது. அந்தக் குழுச் சோதனை முதல் இடைவெளிக்கு மட்டும்தான். எல்லோருக்குமான ஏப்ரல் மாதத்தை இரண்டாவதில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் பூட்டு தலைகீழாகிவிடும்.

ஒதுக்கீடு பதிகிற FBS1-இல் தேதி 31.03.2025, மாதம் 13, திரும்பும் தேதி 01.04.2025 என்று கொடுத்துச் சேமித்தேன். மறுபடி சிவப்பு. இந்த முறை செலவு மையப் பகுதியிலிருந்து, மாதம் 12 பூட்டு என்று. அந்தப் பகுதிக்குச் சிறப்பு மாதம் கிடையாது, 13-இல் போடுவதெல்லாம் அங்கே 12-இல்தான் விழும். அந்தப் பகுதியின் மாதப் பூட்டான OKP1-இல், பேரேட்டிலிருந்து வரும் பதிவுகளுக்கான COIN வரியை மட்டும் பத்து நிமிடம் திறந்து, பதிந்ததும் மூடினோம். டி.டி.எஸ். பார்க்கிற அக்காவிடமும் சொன்னேன். ஒதுக்கீட்டில் வரவு வைத்தாலே அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 194C-யில் பிடிக்க வேண்டியிருந்தது, மார்ச் மாதத்துப் பிடித்தத்தைக் கட்ட ஏப்ரல் 30 வரைதான் நேரம் இருந்தது.

மூடியாகிவிட்டது என்று எழுந்துவிடாமல் SE16N-இல் ஆவணத் தலைப்புகள் இருக்கிற BKPF அட்டவணையைப் பார்ப்பது என் பழக்கம். நிதியாண்டு GJAHR 2024, மாதம் MONAT 12 முதல் 13 வரை, உள்ளிட்ட நாள் CPUDT அன்றைய தேதி. ஒரே ஓர் ஆவணம் வர வேண்டும், அன்றைக்கு ஒன்றுதான் வந்தது.

இந்தப் பழக்கம் பட்டறிவில் வந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை ஒரு பில்லுக்காக எல்லா வகையையும் திறந்துவிட்டு, மூட மறந்து ஊருக்குப் போய்விட்டார். போதாததற்கு, அதே பதிவுமாத வகையில் இன்னொரு துணை நிறுவனமும் இருந்தது, அதற்கும் சேர்த்தே திறந்துவிட்டது. திங்கட்கிழமை பார்த்தால் மேலாளர்களுக்கு அனுப்பிய அறிக்கையும் பேரேடும் ஒத்துப்போகவில்லை. CPUDT-யையும் பதிவுத் தேதியான BUDAT-ஐயும் ஒப்பிட்டு, சனிக்கிழமை உள்ளே நுழைந்த 11 ஆவணங்களைப் பொறுக்க இரண்டு நாள் ஆனது.

OB52 பற்றி எனக்குக் குறை ஒன்று உண்டு. “இன்று மாலை 5 மணி வரை மட்டும்” என்று அதில் கொடுக்க வழியில்லை, மூடுவது மனித ஞாபகத்தை நம்பித்தான். நான் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்கிறேன். யார் எப்போது திறந்தார் என்பதை SCU3-இல் பார்க்கலாம், ஆனால் அட்டவணைப் பதிவு முன்பே இயக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் இருந்தாக வேண்டும் என்ற விதி வந்த பிறகு, எங்கள் தணிக்கையாளர் முதலில் கேட்பதே OB52-இன் அட்டவணையான T001B-யின் மாற்றப் பட்டியலைத்தான். 2025-இல் பார்த்தபோது அதில் ஏப்ரல் 9-க்கு இரண்டு முறை திறந்து மூடியது போல இருந்தது. அதில் ஒன்று என்னுடைய தட்டச்சுப் பிழை, 13-க்குப் பதில் 12 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கும் ஒரு மின்னஞ்சல் இருந்ததால் பிழைத்தேன்.