பத்து நாளைக்கென்று கொடுத்த கேஸ்ட்ரிக் மருந்து மூன்று வருடம் ஓடியது

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து ஆட்கள் காலங்காலமாக நம்பிப் போகிற ஒரு தனியார் கிளினிக்கில் என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். கிளினிக்கின் பெயர் வேண்டாம். அங்கே கொடுத்த அதே மாத்திரை இந்நேரம் உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம், அதுதான் விஷயம்.

அம்மாவுக்கு 68 வயது. பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறார். ரத்தக் கொதிப்புக்கு ஹைட்ரோகுளோரோதையசைட், அதாவது நம் ஆட்கள் ‘தண்ணி மாத்திரை’ என்று சொல்வது. அப்பா போன பிறகு சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் நெஞ்செரிச்சல் என்று அந்த கிளினிக்குக்குப் போனபோது பத்து நாளைக்கு ஒரு கேப்சூல் கொடுத்தார்கள். எரிச்சல் நின்றது. அதற்குப் பிறகு அம்மா எதற்குப் போனாலும், சளிக்குப் போனாலும், முழங்கால் வலிக்குப் போனாலும், அந்தக் கேப்சூல் பொட்டலமும் சேர்ந்தே வந்தது. சின்ன பிளாஸ்டிக் உறையில் பேனாவால் ‘கேஸ்ட்ரிக்’ என்று மட்டும் எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இருக்காது. இன்னும் சாப்பிட வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு, “அது ஒன்னும் செய்யாதும்மா, வயித்துக்குப் பாதுகாப்பு” என்று பதில்.

அந்தக் கேப்சூல் ஒமிப்ரசோல். அதே குடும்பத்தில் பான்டோபிரசோல், எசோமெப்ரசோல், லான்சோபிரசோல் என்று பல உண்டு. எல்லாம் ‘பிரசோல்’ என்று முடியும். வயிற்றில் அமிலம் சுரக்கும் இடத்தையே அடைத்துவிடுகிற மருந்து, அதனால்தான் நன்றாகக் கேட்கிறது. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்தால் சிலருக்குக் குடலில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவது குறைந்துபோகும். இது நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011 மார்ச்சிலேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. தண்ணி மாத்திரையும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு, தொடங்கும்போதும் அவ்வப்போதும் மெக்னீசியம் பார்க்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தது. தண்ணி மாத்திரை சிறுநீர் வழியாக மெக்னீசியத்தை வெளியேற்றும். ஒமிப்ரசோல் உள்ளே வருவதைக் குறைக்கும். அம்மாவுக்கு இரண்டும் ஒரே கையால் கொடுக்கப்பட்டன.

முதலில் ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்தது. கிளினிக்கில் கால்சியம் மாத்திரை. பிறகு கை நடுக்கம், உடம்பு அசதி. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பொட்டாசியம் குறைவு. பொட்டாசியம் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை பார்த்தால் அதே குறைவு, அளவைக் கூட்டினார்கள். அதற்கடுத்த முறையும் அப்படியே. “அம்மா ஒழுங்கா மருந்து சாப்பிடறாங்களா?” என்று என்னைக் கேட்டார் டாக்டர். ஒவ்வொரு வேளையும் என் மனைவி எண்ணித்தான் கொடுத்தாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மாத்திரை கொடுத்தும் பொட்டாசியம் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் பாலபாடம். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாது. நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் சிறுநீரில் போய்விடும், அடி ஓட்டையான வாளியில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. கால்சியமும் அப்படித்தான். அதைச் சரியான அளவில் வைக்கிற பாராதைராய்டு சுரப்பிக்கே மெக்னீசியம் இல்லாமல் வேலை ஓடாது. ஆக அம்மா விழுங்கிய கால்சியம் மாத்திரை, பொட்டாசியம் மாத்திரை எல்லாமே வீண். ஒவ்வொரு தடவையும் எழுபது, எண்பது வெள்ளி.

பாதம் மரத்துப்போனது இன்னொரு கதை. “செருப்பு கழன்டது கூடத் தெரியல” என்பார். கிளினிக்கில் யோசிக்காமல் இனிப்பு நீரால் வருவது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ‘நரம்பு ஊசி’ ஒன்றை வாராவாரம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், தனி விலை. அதில் இருப்பது பி12 வைட்டமின். போடுவதற்கு முன் ரத்தத்தில் பி12 எவ்வளவு என்று பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு ஊசி என்றால் பயம், வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். நல்லதாய்ப் போயிற்று, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மாவின் இரண்டு கை விரல்களும் கோணிக்கொண்டு இழுத்துக்கொண்டன, நெஞ்சு படபடப்பு வேறு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எடுத்த ரத்தத்தில் மெக்னீசியம் 0.34. சாதாரணமாக 0.7 முதல் 1.0 வரை இருக்க வேண்டும். பொட்டாசியம் 2.8, கால்சியமும் கீழே. ஈசிஜியில் இதயத் துடிப்பின் ஒரு பகுதி நீண்டிருந்தது, இப்படியே விட்டால் துடிப்பே தாறுமாறாகி உயிருக்கு ஆபத்து என்றார்கள். ரத்தக் குழாய் வழியாக மெக்னீசியம் ஏற்றினார்கள்.

மறுநாள் வார்டுக்கு மருந்தாளர் ஒரு பெண் வந்தார், தமிழ்ப் பிள்ளை. வீட்டிலிருந்து கொண்டுபோன பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேர் இல்லாத அந்த உறையைக் கையில் எடுத்து, “இது எத்தனை நாளா சாப்பிடறீங்கம்மா?” என்றார். மூன்று வருடம் என்றதும் என் பக்கம் திரும்பி, “அண்ணே, மெக்னீசியம் ஏத்தினா மட்டும் போதாது. இத நிறுத்தலைன்னா திரும்பவும் எறங்கிடும்” என்றார். அமெரிக்க எச்சரிக்கையிலும் இதுதான் இருக்கிறது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, மெக்னீசியம் கொடுத்தும் பலன் இல்லாமல், இந்த மாத்திரையை நிறுத்த வேண்டி வந்திருக்கிறது.

அம்மாவுக்கு ஒமிப்ரசோலை நிறுத்தி, எரிச்சல் வந்தால் மட்டும் ஃபமோடிடின் என்று மாற்றினார்கள். அதுவும் அமிலத்தைக் குறைப்பதுதான், ஆனால் வேறு வழியில், மெக்னீசியத்தை இப்படி இறக்குவதில்லை. தண்ணி மாத்திரைக்குப் பதில் ஆம்லோடிபின். இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்தபோது மெக்னீசியம் 0.79, பொட்டாசியம் 4.1. பொட்டாசியம் மாத்திரையை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். கால் இழுப்பும் நின்றுவிட்டது.

பி12-ஐயும் அங்கேதான் முதல் முறையாகப் பார்த்தார்கள்: 105. அந்த ஆய்வுக்கூடக் கணக்கில் 148-க்குக் கீழே போனால் குறைபாடு. மீன், முட்டை, பாலில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலம்தான் அதைப் பிரித்து விடுகிறது. அமிலத்தை அடைத்தால் பிரிவது குறையும். மெட்ஃபார்மினோ சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அதற்கு மேல் அம்மா சைவம். மூன்றும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? ஈரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. தெரியும்போது எந்த மாத்திரையால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது. இனிப்பு நீரால் வரும் மரப்பும் பி12 குறைவால் வரும் மரப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும், ரத்தம் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தசோகை இருந்தால்தான் பி12 குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. அம்மாவுக்கு ரத்தசோகையே இல்லை.

நரம்பு ஊசியை மறுத்தது நல்லது என்றேன் அல்லவா? பி12 ஊசியோ மாத்திரையோ போட்ட பிறகு ரத்தத்தில் எண் ஏறிவிடும். அதற்குப் பிறகு பார்த்தால், முதலில் குறைவு இருந்ததா என்று சொல்லவே முடியாது. ஆகவே பரிசோதனை முதலில், ஊசி பிறகு. ஆஸ்பத்திரியில் அந்த வரிசையில்தான் செய்தார்கள். முதலில் ஊசி, பிறகு தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. மாத்திரையில் உள்ள பி12 எதோடும் ஒட்டியில்லை, அமிலம் இல்லாவிட்டாலும் சேரும். மரப்பு குறைந்து வருகிறது, முழுவதும் போகவில்லை. நரம்பு நாள்பட்டுக் கெட்டால் கொஞ்சம் அப்படியே தங்கிவிடும் என்று முன்கூட்டியே சொன்னார்கள்.

உங்கள் வீட்டில் ‘பிரசோல்’ மாத்திரை ஒரு வருடத்துக்கு மேல் ஓடுகிறதென்றால், அடுத்த முறை போகும்போது எதற்காக, எது வரைக்கும் என்று கேளுங்கள். உறையில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் வழக்கமாக எடுக்கும் சிறுநீரகப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியாட்டினின் இருக்கும், மெக்னீசியம் தானாக வராது. தனியாகக் கேட்க வேண்டும். தண்ணி மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்சினோ சேர்ந்திருந்தால் கட்டாயம் கேளுங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்கள், பாதத்தில் மரப்போ எரிச்சலோ இருந்தால், பி12 கேளுங்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல், மெட்ஃபார்மினால் பி12 குறைவது சாதாரணமாகவே நடக்கும் என்று சொல்லி, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறது. பயந்துகொண்டு மெட்ஃபார்மினை விட்டுவிடாதீர்கள், பி12 குறைந்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

பிரசோலையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் வயதானவர்கள் சிலருக்கு அது உண்மையிலேயே தேவை. தேவையில்லாதவர்களும் பல மாதம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் எரியும். அதைப் பார்த்து ‘இந்த மருந்து இல்லாமல் முடியாது’ என்று திரும்பவும் தொடங்கிவிடுவார்கள். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கலாம். கடையில் மெக்னீசியம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று: சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடம்பில் தேங்கி ஆபத்தாகும், மற்றவர்களுக்கு வயிற்றால் போகும்.

அந்த கிளினிக்குக்கு ஆஸ்பத்திரி அறிக்கையோடு போனேன். மூன்று வருடத்துக்கு எதற்காகக் கொடுத்தீர்கள், அம்மாவின் ரெக்கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். டாக்டர் அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “வயசானவங்க எல்லாருக்கும் நாங்க இதான் கொடுக்கறோம்” என்றார். ரெக்கார்டைக் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. அங்கே மருந்து எடுக்கிறவர்கள் ‘கேஸ்ட்ரிக்’ என்று எழுதிய உறையைப் பிரித்துப் பாருங்கள். கேப்சூலின் மேலேயே பெயரோ எண்ணோ அச்சடித்திருந்தால், அதை எந்த ஃபார்மசியில் காட்டினாலும் என்ன மருந்து என்று பார்த்துச் சொல்வார்கள்.