ஓடிபி இருந்தும் 41,358 ரூபாய் போனது: பிள்ளை கையில் போன் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மே மாதக் கத்திரியில் வேலூரில் எந்தப் பிள்ளையும் மதியம் வெளியே விளையாடப் போகாது, போனைத்தான் பிடித்துக்கொண்டு உட்காரும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான்காவது முடித்து ஐந்தாவது போகப்போகும் என் பையன், ஒரு விளையாட்டில் வைரம் வாங்குவதாகச் சொல்லி என் வங்கி அட்டையிலிருந்து 41,358 ரூபாயை எடுத்துவிட்டான். 22,299 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. மிச்சம் 19,059 ரூபாய்க்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். விவகாரம் முடியாததால் விளையாட்டை இறக்கிய ஆப் ஸ்டோரின் பெயரும் விளையாட்டின் பெயரும் இங்கே போடவில்லை.

இந்தியாவில் அட்டையில் ஆன்லைனில் காசு எடுக்க வேண்டுமென்றால் ஓடிபி வேண்டும், ஆகவே குழந்தையால் ஒன்றும் செய்ய முடியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த ஓடிபி எந்தப் போனுக்கு வருகிறது? குழந்தை கையில் வைத்திருக்கும் அதே போனுக்குத்தான்.

எப்படிச் செய்தாய் என்று அவனையே செய்துகாட்டச் சொன்னேன். வைரப் பெட்டியைத் தொட்டான், கீழேயிருந்து விலைச்சீட்டு எழும்பி வந்தது. கட்டை விரலை வைத்தான், ஸ்டோர் ஒத்துக்கொண்டது. அவன் விரல் எப்படிச் செல்லும் என்கிறீர்களா? பொங்கலுக்குக் காட்பாடி போயிருந்தபோது, போனைத் திறந்து கொடு என்று எல்லோரையும் இவன் நச்சரிக்கிறானே என்று நாத்தனார் மகன் இவன் விரலையும் போனில் சேர்த்துவிட்டிருக்கிறான். போனைத் திறக்கும் விரலே ஸ்டோரில் வாங்கவும் செல்லும். அடுத்து வங்கியின் பக்கம் வந்தது. இரண்டு நொடியில் ஓடிபி கீபோர்டுக்கு மேலே தானாக வந்து நின்றது. அதைத் தொட்டால் கட்டத்தில் விழுந்துவிடுகிறது. நான் அங்கேயே நிறுத்தச் சொன்னேன். "நான் எதுவும் டைப் பண்ணலம்மா, அதுவே வந்துடுச்சு" என்றான். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நடக்கிறது.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கும் நேரத்தில் போன் சைலன்ட்டில் இருக்கும். பணம் எடுத்ததாக வரும் மெசேஜைத் தள்ளிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிருக்கிறான். முதலில் 89 ரூபாய், பிறகு 449, 899. ஒரு வாரம் போனதும் 4,499. கடைசியில் ஒரு பெட்டி 8,900 ரூபாய், அதில் மூன்று. அந்த விளையாட்டில் விலை ரூபாயில் தெரிவது ஒரே ஒரு திரையில்தான், மற்ற இடமெல்லாம் வைரக் கணக்கு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 89-க்கும் 8,900-க்கும் வித்தியாசம் பெட்டியின் அளவில்தான் தெரிந்திருக்கிறது. லாங் பஜாரில் நகைச்சீட்டுத் தவணை கட்டப் போனபோது அட்டையில் போதிய பணம் இல்லை என்று வந்ததும்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

மறுநாள் வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ஓடிபி சரியா போட்டிருக்கு மேடம், எங்க சிஸ்டம்ல இது நீங்க பண்ணினதாத்தான் இருக்கும்" என்றார். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கையைப் பலரும் சொல்வார்கள். மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது வெளியாள் புகுந்து எடுத்த பணத்துக்கானது. வீட்டுக்குள்ளேயே, நம் போனில், நம் ஓடிபியோடு நடந்ததை அதற்குள் கொண்டுவருவது கஷ்டம். டிஸ்ப்யூட் ஃபார்ம் வேண்டுமானால் தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. ஸ்டோரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வங்கி வழியாகப் பணத்தை இழுத்தால், ஸ்டோர் அந்தக் கணக்கையே முடக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. என் போட்டோ, மெயில் எல்லாம் அந்த ஒரே கணக்கில் இருக்கின்றன.

அடுத்து வந்தது அக்கம்பக்கத்து யோசனை. "யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு போடு, உடனே குடுத்துடுவான்" என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். 1930-க்கு அடி என்றார் வீட்டுக்காரரின் நண்பர். 1930 சைபர் மோசடிக்கான எண். இங்கே மோசடிக்காரன் யாரும் இல்லை, சோபாவில் உட்கார்ந்திருக்கும் என் பையன்தான் இருக்கிறான். அப்புறம், ஸ்டோர்களிடம் இந்த இரண்டுக்கும் வழி வேறு வேறு. உதாரணத்துக்கு கூகுள் பிளேயில் முன்பின் தெரியாத யாரோ எடுத்திருந்தால் 120 நாட்களுக்குள் புகார் செய்ய ஒரு தனிப் படிவம் உண்டு. வீட்டில் ஒருவரோ குழந்தையோ தெரியாமல் வாங்கிவிட்டால் அதற்குச் சாதாரண ரீஃபண்ட் கோரிக்கைதான். ஐபோன் வைத்திருப்பவர்கள் reportaproblem.apple.com பக்கத்தில் கேட்க வேண்டும். அங்கே காரணங்களைக் கேட்கும் இடத்தில், சிறுவர் அனுமதியில்லாமல் வாங்கியதைத் தனியாகவே தேர்ந்தெடுக்கலாம். தெரியாத ஆள் என்று எழுதிவிட்டு, அது வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் அதே போன், அதே வீட்டு வைஃபை என்று அவர்கள் பதிவில் தெரிந்தால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பிருக்காது.

நான் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், மொத்தமாக ஒரே கடிதம் எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆர்டர் எண்கள் எல்லாம் ரசீது மெயில்களில் இருந்தன, மெயில் பெட்டியில் விளையாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் வரிசையாக வந்துவிடும். புதிய ஆர்டர்களிலிருந்து ஆரம்பித்தேன். ஏனென்றால் நாள் ஆக ஆக வாய்ப்பு குறைகிறது. கூகுள் பிளேயில் 48 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் விளையாட்டு நிறுவனத்தைக் கேளுங்கள் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதே கதைதான். கடைசி இரண்டு நாளில் போன மூன்று ஆர்டர்கள், அதாவது 8,900 இரண்டும் 4,499 ஒன்றும், ஒத்துக்கொள்ளப்பட்டு சில வேலை நாட்களில் அட்டைக்கே வந்துவிட்டன. மற்றதெல்லாம் 'எங்கள் கொள்கைப்படி தகுதியில்லை' என்ற ஒரே வாக்கியத்தோடு திரும்பின. எந்தக் கொள்கை, எந்தப் பிரிவு என்று ஒரு வார்த்தை இல்லை. பதினைந்து ஆர்டரையும் வாங்கியது ஒரே பிள்ளை, ஒரே விதத்தில். மூன்றுக்கு ஒரு நியாயம், பன்னிரண்டுக்கு வேறு நியாயமா?

விளையாட்டு நிறுவனத்துக்கும் எழுதினேன். டிஜிட்டல் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், ஸ்டோரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஸ்டோர் இவர்களைக் காட்டுகிறது, இவர்கள் ஸ்டோரைக் காட்டுகிறார்கள். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பையனிடம் செலவாகாத வைரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதைத் தொடாமல் விடச் சொல்லிவிட்டேன். வாங்கியது எவ்வளவு பயன்பட்டது என்பதையும் இவர்கள் பார்க்கிறார்கள். புகார் கொடுத்த பிறகும் ஆட்டம் தொடர்ந்தால் நம் பேச்சு எடுபடாது.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் இணையத்தில் கஸ்டமர் கேர் எண் தேடி ஒன்றுக்கு அடித்தார். எடுத்தவன் இந்தியில் ஆரம்பித்து, நொடியில் தமிழுக்கு மாறி, ரீஃபண்ட் அனுப்ப ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். திரையை அவன் பார்ப்பதற்கான ஆப். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். ரீஃபண்டுக்கு ஆப் இறக்கவும் வேண்டாம், யூபிஐ பின் போடவும் வேண்டாம். பணம் வருவதற்குப் பின் கேட்கிறான் என்றால் அவன் எடுக்கத்தான் கேட்கிறான்.

மீதித் தொகைக்கு இப்போது ஸ்டோரின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். 2020 மின்வணிக விதிகளின்படி அப்படி ஒருவரை வைத்து அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தேடினால் கிடைக்கும். கடிதத்தில் அழுகை எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு ஆர்டரின் நேரத்தையும் எடுத்து, பக்கத்தில் என் டியூட்டி ரோஸ்டரை வைத்தேன். எல்லாமே நைட் முடிந்து நான் தூங்கிய பகல் நேரங்கள். இந்தக் கணக்கில் இதற்கு முன் விளையாட்டுக்காக ஒரு ரூபாய்கூடச் செலவானதில்லை என்பதையும், 89-இல் ஆரம்பித்து 8,900-க்கு ஏறிய வேகத்தையும் சுட்டிக்காட்டினேன். பையனின் வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் தருவதாகச் சொன்னேன். கேட்கும் முன்பே ஆதார் நகலைத் தூக்கி அனுப்பாதீர்கள்.

சட்டத்தில் நமக்குப் பிடி இருக்கிறதா என்று தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 11-ஆவது பிரிவுப்படி மைனர் ஒப்பந்தம் செய்ய முடியாது, அப்படிச் செய்தது செல்லாது என்று 1903-லேயே வெள்ளைக்காரர் காலத்து மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது என்றார். ஆனால் உடனே ஒரு முட்டுக்கட்டையும் காட்டினார். "அவங்க என்ன சொல்வாங்க தெரியுமா? கணக்கு அம்மா பேர்ல, அட்டை அம்மாவுது, ஒப்பந்தம் அம்மாவோடதான், பையனோட இல்லைனு சொல்வாங்க." அதனால் மைனர் வாதத்தை மட்டும் நம்பாமல், ஒரே கணக்கில் சில நாட்களில் இப்படி ஏறிய செலவை ஓரிடத்தில்கூட நிறுத்திக் கேட்காதது சேவைக் குறைபாடு என்றும் சேர்த்து எழுதச் சொன்னார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தாகிவிட்டது. அவர்களால் உத்தரவு போட முடியாது, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். ஆனால் அந்தப் பதிவு எண் கையில் இருப்பது பின்னால் உதவும்.

இதற்குள் வீட்டில் செய்தவை: போன் செட்டிங்ஸில் பையன் விரலை நீக்கினோம். ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வைத்து, அட்டையையே எடுத்துவிட்டோம். வங்கி ஆப்பில் ஆன்லைன் செலவுக்கான தினசரி வரம்பையும் குறைத்தோம், இதைப் பலரும் தொட்டே பார்ப்பதில்லை.

குறைதீர்ப்பு அதிகாரியின் ஒரு மாதம் முடிந்தும் பதில் வராவிட்டால், வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப்போகிறேன். நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ரசீது மெயில்களை அச்செடுத்து ஆர்டர் வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறேன்.