டைமரா, சென்சாரா, கற்றுக்கொள்ளும் கன்ட்ரோலரா?

மாடித் தோட்டத்துத் தக்காளித் தொட்டிகளுக்குச் சொட்டுநீர் போட்டு மூன்று விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன்.

டைமர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராத்திரி முழுக்க மழை கொட்டினாலும் காலை ஆறு மணிக்குக் கடமை தவறாமல் வால்வைத் திறந்துவிடும், அவ்வளவுதான்.

அடுத்தது மண்ணில் சென்சார் செருகி, ஈரம் 40-க்குக் கீழே போனால் திற, 60-ஐத் தொட்டால் மூடு என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொட்டுவானிலிருந்து விழும் நீர் கோகோபீட் கலவையில் பரவி சென்சார் இருக்கும் இடத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். 60 என்று அது சொல்லும்போது தொட்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியிருக்கும், உரமும் அதோடு போச்சு. இந்த எண்கள்கூட மண் ஈரத்தின் உண்மையான சதவீதம் இல்லை. காற்றில் காய்ந்தபடி சென்சார் காட்டுவது 0, டம்ளர் தண்ணீரில் காட்டுவது 100 என்று நாமே வைத்துக்கொண்ட அளவுகோல்.

மூன்றாவது விதத்திலும் அதே சென்சார், வால்வைத் திறந்து மூடும் அதே ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு, அதே வால்வுதான். வித்தியாசம் இந்த இரண்டு வரி:

```
minutes = (target - now) / gain
gain = 0.8*gain + 0.2*(after - now)/minutes
```

ஒரு நிமிடம் விட்டால் ஈரம் எவ்வளவு ஏறும் என்பதுதான் gain. ஈரம் 42, இலக்கு 60, gain 3 என்றால் 6 நிமிடம் விட்டு மூடிவிடும். அரை மணி கழித்து, நீர் பரவிய பிறகு பார்த்தால் 54 தான். அதாவது நிமிடத்துக்கு 2 தான் ஏறியிருக்கிறது. உடனே 2-க்குத் தாவாமல் 2.8-க்கு இறங்கும், மறுநாள் அதே 42-க்கு ஏறக்குறைய ஆறரை நிமிடம் விடும். இப்படி வாரக்கணக்கில் gain இறங்கிக்கொண்டே போனால் சொட்டுவானில் உப்பு அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. ஒருநாள் சென்சார் மண்ணிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. எவ்வளவு விட்டாலும் ஈரம் ஏறவில்லை, gain தேய்ந்துகொண்டே போனது, பாவம் அந்தத் தொட்டி மூன்று நாள் சேறாகக் கிடந்தது. அப்புறம்தான் இரண்டு கட்டுப்பாடு சேர்த்தேன்: ஒரு தடவைக்கு 10 நிமிடத்துக்கு மேல் கிடையாது, ஈரம் 3 புள்ளிகூட ஏறாவிட்டால் கற்றுக்கொள்ளாமல் பஸ்ஸர் அடிக்க வேண்டும். மேல்தொட்டி காலியாக இருந்தாலும் அதே பஸ்ஸர் காட்டிக்கொடுக்கும்.

சென்சாரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு உலோகக் கால் உள்ள மலிவான வகையில் மின்சாரம் ஈர மண் வழியே ஓடுவதால் கால்கள் அரித்துப்போகும், எண்ணும் நகர்ந்துகொண்டே இருக்கும், அப்போது கன்ட்ரோலர் கற்பது மண்ணையல்ல, துருவை. உலோகம் மண்ணைத் தொடாத கெப்பாசிட்டிவ் வகை வாங்கி, அந்தச் சென்சார் பலகையின் வெட்டிய ஓரங்களில் நெயில் பாலிஷ் தடவிச் செருகுங்கள். கீரைத் தொட்டி நாலைந்துதான், தினமும் மாடிக்குப் போகிறவர் என்றால் டைமரே போதும், மழை வந்தால் கையால் அணைத்துக்கொள்ளலாம்.